ஜெபக்கனி டீச்சருக்கு ஒரு நன்றிக் கடிதம்

நவம்பர் 19, புதன்

மூன்றாவது பீரியடில் வேதியியல் ஆய்வகத்தில் விபத்து. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தாறு பேருக்கும் உப்புப் பகுப்பாய்வு நடந்துகொண்டிருந்தது. நைட்ரேட் சோதனைக்குச் செம்புத் துருவலும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். ஒரு பிள்ளை சோதனைக் குழாயின் வாயைப் பக்கத்தில் நின்றவள் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறாள். உள்ளே இருந்தது கொதித்துத் தெறித்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் கோமதி. வலது கண்ணிலும் கன்னத்திலும் பட்டது.

அந்த நேரத்தில் நான் கதவுப் பக்கம் இருந்தேன். அலறல் கேட்டதும் ஓடிப் போய் அவளைக் குழாயடிக்கு இழுத்துவந்து, இமையை விரலால் விரித்துப் பிடித்துத் தண்ணீர் விட்டேன். "இருபது நிமிசம் விடுங்க டீச்சர், நான் மணி பாக்கேன்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது நினைவிருக்கிறது. எதிர் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த ஜெபக்கனி டீச்சர். அதன்பிறகு ஆட்டோ, தென்காசி ஆஸ்பத்திரி, அங்கிருந்து திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரி.

என் புடவையெல்லாம் ஈரம். கைவிரல் நுனிகளில் எரிச்சல் இருக்கிறது. எழுத முடிகிறது.

நவம்பர் 20, வியாழன்

கோமதியின் கருவிழியின் மேல் அடுக்கு வெந்திருக்கிறதாம். பத்து நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள்.

காலையில் வராந்தாவில் ஜெபக்கனி டீச்சர் இரண்டு வெள்ளைத்தாளை என் கையில் வைத்தார். பதினொரு வருடமாக ஒரே பள்ளியில் இருக்கிறோம். நூறு வாக்கியம் பேசியிருப்போமா தெரியாது. "நடந்ததை நேரத்தோட எழுதி வச்சிருங்க. நாள் போனா எது முன்ன எது பின்னன்னு கொழம்பிரும்" என்றார். அதற்கு மேல் நிற்கவில்லை.

மதியம் உட்கார்ந்து எழுதினேன். 10.50 மணி அடித்தது. 11.05 செய்முறை விளக்கம். 11.20 பிள்ளைகள் தொடங்கினார்கள். 11.32 விபத்து. ஒன்றரைப் பக்கம் வந்தது. தேவையில்லாத ஒன்றிரண்டை விட்டுவிட்டேன்.

நவம்பர் 22, சனி

துணி துவைத்தேன். இட்லிக்கு அரைத்தேன். தொலைபேசியை அணைத்து அலமாரியில் வைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

கோமதியின் அப்பாவும் உறவுக்காரர்கள் பத்துப் பேரும் பள்ளிக்கு வந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. தலைமையாசிரியை மேசையில் மகளின் ரெக்கார்ட் நோட்டை வைத்துவிட்டு, "ஒருத்தரும் பாக்காமயா பிள்ளைக தீயோட நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டாராம்.

மாலைக்குள் தாளாளர் கையொப்பமிட்ட கடிதம் வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை பன்னிரண்டாம் வகுப்பும் ஆய்வகமும் என்னிடம் இல்லை. ஆறாம் வகுப்பு அறிவியலும் நூலகமும் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைமையில் மூன்று பேர் விசாரிப்பார்கள்.

ஆசிரியர் அறையில் ஒரு பெரிய மேசை, ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை. மதியம் நான் பெரிய மேசையில் சாப்பிட உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சின்ன மேசைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

நீண்ட விடுப்புக்கு விண்ணப்பம் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். தேதி மட்டும் போடவில்லை.

நவம்பர் 26, புதன்

மதியம் ஜெபக்கனி டீச்சர் டிபன் பாக்ஸும் ஒரு கட்டு விடைத்தாளுமாக என் மேசைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இங்க வெளிச்சம் நல்லாருக்கு" என்றார். சாப்பிட்டார். திருத்தினார். விசாரணையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மணி அடித்ததும் எழுந்து போனார்.

பெரிய மேசையிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

இன்றும் வந்தார். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி முக்கோணத்துக்கு நான்கு கோணம் போட்டிருந்ததைக் காட்டினார். ஒன்பது நாள் கழித்துச் சிரித்தேன்.

டிசம்பர் 3, புதன்

கோமதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டு இன்னும் இருக்கிறது.

டிசம்பர் 6, சனி

கோமதி வீட்டுக்குப் போக வேண்டும் என்று நேற்று மேசையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். போனால் தப்பை ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று வீட்டில் என் கணவர் சிதம்பரம் தடுத்திருந்தார். ஜெபக்கனி டீச்சர் அந்தப் பேச்சுக்குள் போகவில்லை. "எத்தனை மணி பஸ்சு?" என்று மட்டும் கேட்டார்.

கடையநல்லூர் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். பழம் வாங்கவா என்றேன். வேண்டாம், கையை வீசிக்கிட்டே போவோம் என்றார். வாசலில் கோமதியின் அம்மா நின்றிருந்தார். டீச்சர் பேச்சைத் தொடங்கி உதவுவார் என்று எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். மெதுவாகவே கழற்றினார்.

நானேதான் பேச வேண்டியிருந்தது. "பிள்ளையப் பாக்க வந்தேன். எனக்கு மனசு கேக்கல" என்றேன். அந்த அம்மா வழிவிட்டார்.

கோமதி கட்டிலில் சாய்ந்திருந்தாள். "மிஸ், எனக்கு ப்ராக்டிகல் மார்க் என்ன ஆகும்?" என்றாள். மறு தேதியில் செய்யலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். புறப்படும்போது அவள் அம்மா கேட்டார்: "அந்த நேரம் நீங்க பக்கத்துல இருந்தீங்களாம்மா?"

அறையில்தான் இருந்தேன் என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜெபக்கனி டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

டிசம்பர் 11, வியாழன்

விசாரணை. மூன்று பேரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். பாதுகாப்புக் கண்ணாடி எத்தனை? நான்கு. யார் யாருக்குக் கொடுத்தீர்கள்? அமிலம் ஊற்றுகிறவர்களுக்கு. உதவியாளர்? இரண்டு வருடமாகப் பணியிடம் காலி. எழுதிக் கேட்டீர்களா? இரண்டு முறை கேட்டேன், நகல் இருக்கிறது. விபத்து நடந்த நேரத்தில் எங்கே நின்றீர்கள்? ஆய்வகத்துக்குள், கதவுக்கு அருகில்.

தட்டச்சு செய்து கையொப்பம் வாங்கினார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

மறுபடியும் கூப்பிட்டார்கள். ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்ட வேண்டியது முறை என்றார் தலைவர். படித்தார்.

"திருமதி சண்முகவடிவு ஆய்வகத்துக்கு வெளியே வராந்தாவில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்ததை என் வகுப்பிலிருந்து பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்குள் இருக்கும். அலறல் கேட்டவுடன் ஓடினார். வேறு யாரும் வருவதற்கு முன்பே பிள்ளையைத் தண்ணீரில் பிடித்துவிட்டார். இருபது நிமிடம் நான் மணி பார்த்தேன். அவர் கையை எடுக்கவில்லை. முப்பத்தாறு பேரை ஒருவர் ஒரே நேரத்தில் பார்ப்பது இயலாது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்."

கீழே ஜெபக்கனி என்ற பெயர்.

இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார்கள். நினைவில்லை என்றேன்.

இரண்டு வாரமாக என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர். என்னோடு பஸ்ஸில் வந்தவர். இதை மனசில் வைத்துக்கொண்டேதான் வந்தாரா?

டிசம்பர் 14, ஞாயிறு

சிதம்பரத்திடம் சொன்னேன். அவர், ஜெபக்கனி டீச்சரோடு இனிமேல் பேச வேண்டாம் என்றார். சரி என்றேன். கைபேசியை எடுத்து அந்த அழைப்பைப் பார்த்தேன். 11.30. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. சிலிண்டர் கொண்டுவந்தவர், வீடு பூட்டியிருக்கிறது, யாரிடம் கொடுக்க என்று கேட்டார். பக்கத்து வீட்டில் கொடுங்கள் என்று சொல்லி அழைப்பை முடித்திருக்கலாம். அதை விட்டு, எங்கள் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

இதை இன்று முதல்முறை பார்க்கவில்லை. நவம்பர் 19 மாலையிலிருந்து எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

டிசம்பர் 15, திங்கள்

அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். அதே நாற்காலி. டிபன் பாக்ஸைத் திறந்தார்.

நான் சாப்பிடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றேன்.

அவர் கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொன்னா நீங்க சொல்லாதீங்கன்னு கேப்பீங்க. கேட்டா என்னால மறுக்க முடியாது. அதான் சொல்லல."

"எம் வேலை போனா?"

"போகக் கூடாதுன்னுதான் மத்ததையும் சொன்னேன். பாத்தது அவ்வளவும் சொன்னேன் டீச்சர். பாதியச் சொல்லல." பிறகு, "நீங்க கெட்டவங்கன்னு நெனச்சா இங்க வந்து உக்காருவனா?" என்றார்.

மறுபடியும் சாப்பிடத் தொடங்கினார். நானும் பாத்திரத்தைத் திறந்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

விசாரணைக் குழுத் தலைவரைப் பார்த்து, நான் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன். அழைப்பின் நேரத்தைக் காட்டினேன். வராந்தாவில் இருந்ததையும், அதை முதலில் மறைத்ததையும் என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு கோமதியின் அம்மாவிடம் போனில் பேசினேன். அதைப் பற்றி எழுத முடியவில்லை. அவர் கடைசிவரை இணைப்பைத் துண்டிக்கவில்லை.

ஜனவரி 8, வியாழன்

முடிவு வந்துவிட்டது. எனக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை, பணிப்பதிவேட்டில் ஏறும். முதலில் மறைத்ததற்காகத் தனியாக ஒரு பத்தி. தானே வந்து திருத்தியதால் அதற்குமேல் நடவடிக்கை இல்லை என்று ஒரு வரி. ஆய்வகத்தில் இனிமேல் பதினெட்டுப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் நிற்கக் கூடாது, எல்லோருக்கும் கண்ணாடி, உதவியாளர் வரும்வரை இன்னொரு ஆசிரியர் உடனிருக்க வேண்டும். பிப்ரவரியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மறுபடியும் எனக்கு.

கோமதிக்குப் பார்வை திரும்பிவிட்டது. வலது கண்ணில் லேசான மங்கல் இருக்கும், கண்ணாடி போட வேண்டும். இருக்கும் என்பது ஆயுளுக்கும் இருக்கும் என்று பொருள்.

ஜனவரி 10, சனி

ஜெபக்கனி டீச்சருக்கு நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொல்ல நேற்று முயன்றேன். "டீச்சர், ஒங்களுக்கு எப்பிடி..." என்று தொடங்கியதும் அவர் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி, "பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்களா?" என்றார். நேருக்கு நேர் நன்றி கேட்கக் கூச்சப்படுகிறவர். எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

இன்று எழுதினேன். "இருள் சூழ்ந்த வேளையில் விளக்காக வந்தீர்கள், தங்கள் பெருந்தன்மைக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளேன்." சிதம்பரத்திடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான் இருக்கு. இதை ரிட்டயர் ஆகிற யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்" என்றார்.

கிழித்துவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

இரண்டாவது முயற்சி நான்கு பக்கம் போய்விட்டது. திரும்பப் படித்தால் எல்லாம் என்னைப் பற்றியே இருக்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை, எனக்கு எடை குறைந்தது, என்னை யார் யார் எப்படிப் பார்த்தார்கள். பெரிய மேசைக்காரர்களைப் பெயர் சொல்லியே திட்டியிருக்கிறேன். இதை அவர் கையில் கொடுத்தால், படித்து முடித்து எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வேலையும் அவருக்கு வந்து சேரும். நன்றி சொல்லப் போய் இன்னொரு சுமையைத் தூக்கி வைப்பதா?

ஜனவரி 18, ஞாயிறு

குடியரசு தின விழாவில் ஆசிரியர்கள் பேசலாம் என்றார்கள். எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சமையல் செய்துகொண்டே மனசுக்குள் பேசிப் பார்த்தேன். பேசும்போது யார் முகத்தைப் பார்ப்பேன் என்று யோசித்தேன். பெரிய மேசையை. அப்போதுதான் புரிந்தது, நான் நன்றி சொல்லக் கிளம்பவில்லை, குத்திக்காட்டக் கிளம்பியிருக்கிறேன். அவர் அந்த மேசைக்காரர்கள் ஏழு பேரோடும் இன்னும் ஆறு வருடம் வேலை பார்க்க வேண்டும். அவர் சத்தமில்லாமல் செய்ததை நான் மைக்கில் சொல்வது எந்த நியாயம்?

புடவை எடுத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தையும் விட்டேன். பதிலுக்கு அவர் எனக்கு ஒன்று எடுத்துத் தருவார். அதோடு முடிந்துவிடும்.

ஜனவரி 21, புதன்

மூன்றாவது வரைவு. இப்போது அவர் செய்தவற்றை மட்டும் எழுதினேன். வெள்ளைத்தாள். சாப்பாட்டு மேசை. கடையநல்லூர் பயணம். எல்லாம் உண்மை. சுருக்கமாகவும் வந்தது. ஆனால் திரும்பத் திரும்பப் படித்தும் நடுவில் ஏதோ பொய் மாதிரி இருந்தது. விசாரணையை விட்டிருக்கிறேன். வெள்ளைத்தாளில் எழுதும்போது எதை விட்டேனோ, அந்த வராந்தாவைத்தான் இங்கேயும் விட்டிருக்கிறேன்.

அவர் எனக்குச் செய்தவற்றில் பெரியது அதுதான். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்பும் சேர்த்துக் கேட்டால், மன்னித்தேன் என்று அவர் சொல்லியாக வேண்டும். அதுவும் வேண்டாம்.

ஜனவரி 25, ஞாயிறு

எழுதிவிட்டேன். கோடு போட்ட ஒரே தாளில், ஒரே பக்கம். வாட்ஸப்பில் அனுப்பினால் உடனே பதில் போட வேண்டும் போலத் தோன்றும். தாளென்றால் அவர் இஷ்டம்போல் வைத்துப் படிக்கலாம். இங்கே நகல் எடுத்து வைக்கிறேன்.

"ஜெபக்கனி டீச்சருக்கு,

விபத்துக்கு மறுநாள் நடந்ததை நேரத்தோடு எழுதச் சொல்லித் தாள் கொடுத்தீர்கள். நவம்பர் 26 முதல் தினமும் என் மேசைக்கு வந்து சாப்பிட்டீர்கள், எதையும் துருவிக் கேட்கவில்லை. அப்போது என் பையில் தேதி போடாத விடுப்பு விண்ணப்பம் இருந்தது. அதில் தேதி போடாமலே இருந்ததற்கு அந்த அரைமணி நேரம்தான் காரணம்.

கோமதி வீட்டுக்கு என்னோடு வந்தீர்கள். எனக்காகப் பேசாமல், என்னையே பேச விட்டீர்கள். அன்று அது புரியவில்லை. இப்போது புரிகிறது.

விசாரணையில் நீங்கள் பார்த்ததைச் சொன்னீர்கள். அன்று உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அதற்கடுத்த பள்ளி நாளும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தீர்கள். உண்மையைச் சொன்ன பிறகும் ஒருவர் பக்கத்தில் இருக்க முடியும் என்று பார்த்ததால்தான் நானும் போய் உண்மையைச் சொன்னேன். பிள்ளையின் அம்மா முகத்தை இன்று என்னால் பார்க்க முடிகிறது.

மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் உங்களுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

நன்றி டீச்சர். இதற்குப் பதில் எதுவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

வடிவு"

ஜனவரி 27, செவ்வாய்

மதியம் மணி அடித்த பிறகு, அவர் எழுந்து போகும்போது கொடுத்தேன். "வீட்ல போய்ப் படிங்க" என்றேன். உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விடைத்தாள் கட்டுக்குள் செருகிக்கொண்டார்.

ஆறாம் வகுப்பில் தாவரத்தின் பாகங்கள் நடத்தினேன். வேரை இரண்டு முறை இலை என்று சொன்னேனாம். பிள்ளைகள் திருத்தினார்கள்.

ஜனவரி 28, புதன்

சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டார். உறையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்து என் பக்கம் திருப்பினார். திருப்பிக் கொடுக்கிறாரோ என்று நினைத்தேன்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரு வரி தப்பு" என்றார். கணக்குத் தாளில் தப்பைக் காட்டுவது போலச் சுண்டுவிரலை வைத்தார். பயம் இருந்ததில்லை என்று நான் எழுதியிருந்த வரி.

"ஒங்களை வகுப்புல இருந்து எடுத்த அன்னைக்கும் மறுநாளும் நான் எங்க சாப்பிட்டேன்?"

யோசித்துப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் பெரிய மேசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். முகம் முகமாக நினைத்துப் பார்த்தால் அதில் ஒருவர் இவர்.

"நீங்க பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போனதைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எந்திரிக்கணும்னு நெனச்சேன். கால் வரல. எம்மகளுக்கு வரன் பாக்கோம், தாளாளர் குடும்பத்துக்குச் சொந்தக்காரங்க வழியா ஒண்ணு வந்திருந்துச்சு. எதுக்கு வம்புன்னு ரெண்டு நாள் உக்காந்துட்டேன்." குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. "அந்த வரி இருந்தா இதை என்னால வச்சுக்கிட முடியாது."

அவர் மகளுக்கு வரன் பார்ப்பதே எனக்குத் தெரியாது. அந்தச் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பேனாவை எடுத்து அந்த வரியை ஒரே கோட்டில் அடித்தேன். அதன் மேலே "பயம் இருந்தும் மூன்றாம் நாள் வந்தீர்கள்" என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையொப்பம் போட்டேன்.

தாளைத் தன் பக்கம் திருப்பி, முதல் வார்த்தையிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். இப்போது சரி என்று தலையசைத்தார். நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.